நான்காம் எண்ணுக்கு எட்டு டாலர்

தஞ்சாவூரிலிருந்து வல்லம் போகிற சாலையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், முப்பத்தெட்டுப் பேர் தினமும் காலை ஆறரை மணிக்கு ஆஸ்திரேலியக் குதிரைகளுக்காக வந்து உட்காருவார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பந்தயக் குதிரையை நேரில் பார்த்ததில்லை. பந்தயம் கட்டவும் முடியாது. கம்பெனி விதியும் விடாது, நம் ஊர்ச் சட்டமும் விடாது. எங்கோ ஒரு கண்டத்தில் போனை வைத்துக்கொண்டு பணம் கட்டியவர்களுக்குக் கணக்கை முடித்துக் கொடுப்பதும், தோற்றவர்கள் எழுதுகிற புலம்பலுக்குப் பதில் சொல்வதும்தான் வேலை. அங்கே மத்தியானம் குதிரை ஓடினால் இங்கே காலை டிபன் நேரம்.

செந்தாமரை புகார் மேசையில் இருந்தாள். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அவள் எம்.காம். படித்து, ஆறு வருடமாக இந்த மாடியில் இருக்கிறாள். அவள் மேசைக்குப் பக்கத்து மேசை செல்லதுரையுடையது. திருக்காட்டுப்பள்ளிக்காரர், நாற்பத்திரண்டு வயது, மூன்று ஏக்கர் நிலம். பந்தயம் முடிந்ததும் யார் யாருக்கு எவ்வளவு என்று தீர்த்து வைப்பது அவர் வேலை. காலையில் வயலைப் பார்த்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வருவார். அந்தத் திருநீறு மத்தியானத்துக்குள் பாதி அவருடைய மவுசுக்கு இடம் மாறியிருக்கும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பயிற்சி வகுப்பில் நாலு நாள் படம் போட்டுக் காட்டியும் புரியாத ஃபிக்சட், டோட் என்ற இரண்டு வகைப் பந்தயத்தை அவர்தான் கேன்டீனில் இட்லிக்கு நடுவே சொன்னார்.

"ஃபிக்சட்டுங்கறது குத்தகை மாதிரி. ஏக்கருக்கு இத்தன மூட்டைன்னு முன்னாடியே பேசிடுறோம்ல? அப்புறம் மழை பெஞ்சாலும் காஞ்சாலும் பேசுனது பேசுனதுதான். டோட்டுங்கறது நிலத்த வாரத்துக்கு விடுற மாதிரி. மொத்த நெல்லும் களத்துல குவிஞ்சப்புறம்தான் யாருக்கு எவ்வளவுன்னே தெரியும். முதல்ல செலவு கழியும், மிச்சத்தப் பங்கு போடணும்."

அவ்வளவுதான் விஷயம். ஃபிக்சட்டில் ஒருவர் ஒரு குதிரைக்கு ஒன்பது டாலர் விலை என்று ஒப்புக்கொண்டு கட்டினால், அது ஜெயித்தால் டாலருக்கு ஒன்பது. ஆஸ்திரேலியப் பந்தயக் கம்பெனி தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும். அங்கே கம்பெனிதான் எதிராளி. டோட்டில் கம்பெனிக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். எல்லாரும் கட்டிய பணமும் ஒரே குவியலில் சேரும். கம்பெனி தன் கமிஷனாக நூற்றுக்குப் பதினைந்தை மேலோடு எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் ஜெயித்த குதிரையின் மேல் கட்டியவர்களுக்குப் பிரிந்து போகும். தோற்றவன் பணம்தான் ஜெயித்தவனுக்குப் போகிறது. பந்தயக் கதவு திறக்கும்வரை பணம் வந்து விழுந்துகொண்டே இருப்பதால், அதுவரை திரையில் தெரிகிற டோட் விலை வெறும் உத்தேசம்.

இந்தக் கடைசி வரி புரியாமல்தான் உலகத்தில் பாதிப் பேர் செந்தாமரைக்குக் கடிதம் எழுதினார்கள். நான் கட்டும்போது பதினான்கு டாலர் காட்டியது, இப்போது ஆறுதான் தருகிறாய், திருடர்களா என்று. அதற்கென்றே ஒரு தயார் பதில் இருந்தது. பட்டியலில் பதினோராவது. பத்துப் புகாருக்கு ஒன்பது அதிலேயே தீர்ந்துவிடும். செந்தாமரை ஒரு நாளைக்கு நாற்பது பதினோராம் நம்பர் அனுப்புவாள்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு சனிக்கிழமை, ஜோன் என்ற பெண்மணி எழுதியிருந்தார். செவ்வாய்க்கிழமை ஆறாவது ரேஸில் நான்காம் எண் குதிரை மேல் டோட்டில் ஐந்து டாலர் கட்டியிருக்கிறார். குதிரை ஜெயித்தது. முப்பத்திரண்டு டாலர் வந்திருக்கிறது. குறைகிறதே என்று கேட்டிருந்தார். செந்தாமரை முதல் இரண்டு வரியைப் படித்தாள், பதினோராம் நம்பரை அழுத்தினாள், அடுத்த கடிதத்துக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை அந்த அம்மாள் மறுபடியும் எழுதியிருந்தார். கோபமே இல்லாத கடிதம். "ரேஸுக்கு முன்னால் விலை மாறும் என்பது எனக்குத் தெரியும், நாற்பது வருடமாகக் கட்டுகிறேன். நான் கேட்பது ரேஸுக்குப் பின்னால் உள்ளது. உங்கள் பக்கத்திலேயே நான்காம் எண்ணுக்கு டோட் எட்டு டாலர் என்று போட்டிருக்கிறது. ஐயெட்டு நாற்பது. நான் தப்பாகப் பெருக்குகிறேனா?"

தப்பாகப் பெருக்கவில்லை. செந்தாமரைக்கு முகம் சூடாகிவிட்டது. ஆறு வருடத்தில் படிக்காமல் பதில் போட்டு மாட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. செவ்வாய்க்கிழமை ஆறாவது ரேஸைத் திறந்தாள்.

ரேஸ் தொடங்கச் சில நிமிடம் இருக்கும்போது இரண்டாம் எண் குதிரை கூண்டுக்குள் போக மறுத்து முட்டிக்கொண்டிருக்கிறது. டாக்டர் பார்த்து அதை விலக்கிவிட்டார். மொத்தக் குவியல் முப்பதாயிரம் டாலர். அதில் இரண்டாம் எண் மேல் கட்டிய ஆறாயிரம் உடனே திரும்பிப் போய்விட்டது. மிச்சம் இருபத்து நான்காயிரம். கமிஷன் மூவாயிரத்து அறுநூறு போக இருபதாயிரத்து நானூறு. நான்காம் எண் மேல் இருந்தது இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. வகுத்தால் எட்டு டாலர் ஒன்பது சென்ட் சொச்சம். பத்து சென்ட்டுக்குக் கீழே வருவதை உதிர்த்துவிடுவது வழக்கம். ஆக, எட்டு டாலர். எல்லாம் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் சரியில்லை. நல்ல குதிரை ஒன்று கடைசி நேரத்தில் விலகினால், மற்றக் குதிரைகளுக்கு ஜெயிப்பது சுலபமாகிவிடும். ஃபிக்சட்டில் பழைய விலைக்குக் கட்டியவர்களுக்கு அது சும்மா கிடைத்த லாபம். அதனால் அவர்களுக்கு வர வேண்டிய ஒவ்வொரு டாலரிலும் இவ்வளவு சென்ட் என்று கழிப்பார்கள். அன்றைக்கு இருபது சென்ட். டோட்டில் இந்தக் கழிவுக்கு வேலையே இல்லை. விலகிய குதிரையின் பணம் குவியலை விட்டே போய்விட்டதால், பங்கு தானாகவே குறைந்துவிடும். ஆனால் அன்றைக்கு யாரோ அந்த இருபது சென்ட்டை டோட்டிலும் கழித்திருந்தார்கள். ஒரே வெட்டு இரண்டு தடவை விழுந்திருந்தது.

ஜோன் ஒருவருக்கு மட்டுமல்ல. டோட்டில் நான்காம் எண்ணைக் கட்டிய இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும். மொத்தம் நாலாயிரத்து முப்பத்திரண்டு டாலர். ஃபிக்சட்காரனுக்கு ஒரு டாலர் குறைந்தாலும் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான், தன் விலை அவனுக்குத் தெரியும். டோட்காரர்கள் வந்ததை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். இருநூற்றுப் பதினோரு பேரும் ஜெயித்த சந்தோஷத்தில் பெருக்கிப் பார்க்கவில்லை.

யார் செய்தது என்று பதிவைத் திறந்தாள். செவ்வாய், காலை பத்து இருபத்து நான்கு. செல்லதுரை.

உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. செல்லதுரை இல்லை.

அந்த மாடியில் ஒரு பழக்கம் இருந்தது. நடவுக்கோ அறுப்புக்கோ ஒப்புக்கொண்டவர் அன்றைக்கு வர முடியாவிட்டால் வீட்டிலிருந்து இன்னொருவரை அனுப்புவார். கூலி ஒப்புக்கொண்டவர் பெயரிலேயே விழும். அதற்கு மாத்தாள் என்று பெயர். வயல் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். எழுந்து போகிறவர் திரையை மூடமாட்டார். பக்கத்துச் சீட்டுக்காரர் நகர்ந்து வந்து அவர் ஐடியிலேயே வேலையை ஓட்டுவார். "கொஞ்சம் மாத்தாளா இரு" என்றால் போதும். கம்பெனி விதிப்படி அடுத்தவர் ஐடியைத் தொட்டால் சீட்டுக் கிழியும். மேனேஜருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்.

அந்த வாரம் குறுவை அறுப்பு. மழை வரப்போகிறது என்று எல்லாரும் அறுப்பு மெஷினுக்குப் பறந்தார்கள். மாடியில் போனை வெளியே பெட்டியில் பூட்டி வைத்துவிட வேண்டும் என்பதால், மெஷின் புரோக்கர் ஆளாகவே வாசலுக்கு வந்துவிடுவார். வாட்ச்மேன் மேலே வந்து சொல்வார், செல்லதுரை இறங்கிப் போவார். அந்த வாரத்தில் ஏழெட்டுத் தடவை இப்படி நடந்தது. செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு அவர் போனபோது செந்தாமரை அவர் நாற்காலிக்கு நகர்ந்தாள். மவுசில் திருநீறு ஒட்டியிருந்தது, அதைத் துப்பட்டாவில் துடைத்தது வரை நினைவிருந்தது. விலகல் அறிவிப்பு வந்தது. இருபது சென்ட் என்று அடித்தாள். கீழே ஃபிக்சட், டோட் என்று இரண்டு கட்டத்திலும் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும், டோட்டில் இருப்பதை எடுத்துவிட வேண்டும். செல்லதுரையின் கை அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடும். செந்தாமரையின் கைக்கு அது பழக்கமில்லை. வித்தியாசத்தை அவளைவிடத் தெளிவாக விளக்கிச் சொல்ல அந்த மாடியில் ஆள் கிடையாது, ஆனால் அவள் விரல் அழுத்திவிட்டு அடுத்த ரேஸுக்குப் போய்விட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் பணத்தை மறைக்கவில்லை. ஐம்பது டாலர் வரை யாரையும் கேட்காமல் நல்லெண்ணத் தொகை கொடுக்க அவளுக்கு அதிகாரம் இருந்தது. ஜோனுக்கு எட்டு டாலரைத் தள்ளிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் விஷயம் அப்படியே அமுங்கிப் போயிருக்கும். அந்த யோசனை வந்தபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஃபிக்சட்டில் கம்பெனி ஒரு டாலர் குறைத்தால் அது சண்டை. டோட்டில் கம்பெனி வெறுமே அளந்து போடுகிற ஆள். அளக்கிறவன் படியை அமுக்கினால் அதற்கு வேறு பெயர். கூலி நெல்லை அளந்து வாங்கிய அவள் வீட்டுக்கு அந்தப் பெயர் மூன்று தலைமுறையாகத் தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் பட்டியல் போட்டு, எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் ஜெய்னுலாபுதீன் பட்டியலைப் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஆயிரம் டாலருக்கு மேல போனா கிளையன்ட்டுக்கு, ஆஸ்திரேலியாக்காரனுக்கு, சொல்லியாகணும். செஞ்சவர் இங்க வேலைல இருக்க முடியாது. யார் ஐடி?"

"செல்லதுரை அண்ணன் ஐடி சார்."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஷிப்டு முடிந்ததும் தனியாக வந்து மீதியைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் நிஜம்தான்.

செல்லதுரையைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் பதிவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்கு ஞாபகமே இல்ல சார். ஆனா ஐடி என்னுது. நேரமும் என் ஷிப்டு."

வெளியே வந்தவர் மாடிப்படி திருப்பத்தில் செந்தாமரைக்காகக் காத்திருந்தார். மாத்தாள் பேச்சை அவர் உள்ளே எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் முப்பத்தெட்டுப் பேரும் மாட்டியிருப்பார்கள்.

"ஏம்மா, செவ்வாக்கெழம பத்து மணி வாக்குல நான் எழுந்திரிச்சிப் போனனா? புரோக்கர் வந்தது செவ்வாயா புதனான்னு கொழம்புது. நீ பாத்தியா?"

"தெரியலங்கண்ணே," என்றாள் செந்தாமரை.

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். பயம்தான், வேறென்ன. கையில் இருப்பது இந்த ஒரு வேலை. புருஷன் பகலவன் வாடகை வேன் ஓட்டுகிறார், ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் நிற்கும். செல்லதுரைக்கு நிலம் இருக்கிறது, தனக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை. அவர் விழுந்தால் வயலில் விழுவார், நான் விழுந்தால் ரோட்டில். அன்றைக்கு ராத்திரி இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் தனக்குச் சாதகமாகவே விடை வந்தது.

புதன்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. ஜோன் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதினார். வெள்ளிக்கிழமை செல்லதுரை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஒன்பது வருடச் சர்வீஸ். டிபன் பாக்ஸ், சாமி படம், ஒரு குடை. எல்லாரும் வாசல் வரைக்கும் வந்தார்கள். செந்தாமரை மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். வண்டியைக் கிளப்பும் முன் அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குடையைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

அடுத்த இரண்டு வாரம் அவள் நன்றாகவே வேலை பார்த்தாள். பதினோராம் நம்பரை ஒரு தடவைகூடப் படிக்காமல் அனுப்பவில்லை. அவர் நாற்காலிக்குப் புதிதாக ஒருவர் வந்துவிட்டார். மாத்தாள் பழக்கம் மட்டும் மாடியில் நின்றுபோயிருந்தது. யாரும் யாரிடமும் சொல்லி நிற்கவில்லை, அதுவாக நின்றது.

அக்டோபர் நடுவில் காலாண்டு ஊக்கத்தொகை வந்தது. வழக்கமாக வருவதைவிட ஆயிரத்து இருநூறு ரூபாய் அதிகம். கணக்கில் ஏதோ தப்பு என்று நினைத்து, செந்தாமரை ஜெய்னுலாபுதீனிடம் போய்க் கேட்டாள்.

"தப்பெல்லாம் இல்லம்மா. கிளையன்ட் டீமுக்குன்னு ஒரு தொகை ஒதுக்கிடுவான். அது ஏறாது, குறையாது. நாமதான் பிரிச்சுக்கணும். இந்தத் தடவ செல்லதுரை கிடையாது. அவர் சீனியர், நாப்பத்து நாலாயிரத்து நானூறு அவர் பங்கு. புது ஆளுக்கு இந்தக் காலாண்டு கிடையாது, மிச்சம் முப்பத்தேழு பேர். ஆளுக்கு ஆயிரத்து எறநூறு கூடுது."

இதைச் செந்தாமரைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு இதைத்தான் விளக்குகிறாள். இது கம்பெனி தன் பையிலிருந்து கொடுத்த பணமில்லை. தோற்றவன் பணம் ஜெயித்தவர்களுக்குப் பிரிந்து வந்திருக்கிறது. அவள் அந்த மனிதரின் வேலையை எடுத்துவிட்டதோடு நிற்காமல், அவர் மூன்று மாதம் உழைத்ததிலும் பங்கு வாங்கியிருக்கிறாள். மற்ற முப்பத்தாறு பேரும் தெரியாமல் வாங்கினார்கள். தெரிந்து வாங்கியவள் ஒருத்திதான். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை பத்து இருபத்து நான்குக்கு அந்த நாற்காலியில் யார் இருந்தது என்பதை முதலிலிருந்து சொன்னாள். படிக்கட்டில் அவர் கேட்டதையும் தான் சொன்னதையும் விடவில்லை.

ஜெய்னுலாபுதீன் கெட்டவர் இல்லை. கேட்டு முடித்தபோது அவருக்கு வியர்த்திருந்தது.

"ஏம்மா இத அன்னிக்கே சொல்லல?"

"பயம் சார்."

"இப்ப நான் என்ன செய்யறது? ரேஸ் முடிஞ்சதும் ஜாக்கிய எடை போட்டுப் பாத்து, கரெக்ட் வெயிட்னு ரிசல்ட்ட முடிச்சுடுறான்ல. அதுக்கப்புறம் அந்தக் குதிரைக்கு மருந்து குடுத்தது கண்டுபுடிச்சாலும் என்ன நடக்கும்? பரிசப் புடுங்குவான், குதிரையத் தள்ளுவான். ஆனா கட்டுனவனுக்குக் குடுத்த பணம் குடுத்ததுதான். டோட்டு திரும்ப எண்ண மாட்டான். இதுவும் அப்படித்தான்னு வச்சுக்க. கிளையன்ட் ஃபைல மூடிட்டான். நான் தொறந்தா முதல்ல கேக்குறது, அடுத்தவர் ஐடில நீ எப்படி உக்காந்தன்னு. அடுத்தது, இன்னும் எத்தன பேரு இப்படின்னு. இந்த மாடி வேலை மொத்தத்தையும் மணிலாவுக்கு மாத்திட்டுப் போயிட்டே இருப்பான்."

"நான் மட்டும்னு எழுதிக் குடுக்கறேன் சார்."

"எழுதுனா வாங்கிக்க மாட்டேன்மா," என்றார். "நீ இங்க வந்ததும் எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரெண்டரைக்கு ஷிப்டு முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் திருக்காட்டுப்பள்ளி பஸ் ஏறினாள். கிளையன்ட்டின் விசாரணைப் பிரிவுக்கு நேராக அனுப்புவதற்கு ஒரு கடிதத்தைப் போனிலேயே எழுதி வைத்துக்கொண்டாள். தன் பெயர், தேதி, நேரம், செய்த தப்பு. அவர் சரி என்றால் அந்த இடத்திலேயே அனுப்பிவிடுவது என்று முடிவு. வேலை போகும். போகட்டும் என்று தைரியமாக நினைக்க முடியவில்லை, ஆனாலும் பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

செல்லதுரை வயலில் இருந்தார். அடுத்த போகமான தாளடிக்கு உழுது தண்ணீர் கட்டியிருந்தது, வரப்பு வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"வாம்மா. என்ன இவ்வளவு தூரம்? ஆபீஸ்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?"

அவள் வரப்பிலேயே நின்று சொன்னாள். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. மெஷின் புரோக்கர் வந்தது செவ்வாய்க்கிழமைதான், பத்தேகாலுக்கு நீங்கள் இறங்கிப் போனீர்கள், உங்கள் சீட்டில் நான் இருந்தேன், டோட் டிக்கை எடுக்காமல் விட்டது நான், படிக்கட்டில் நீங்கள் கேட்டபோது தெரிந்துகொண்டே தெரியாது என்றேன். ஊக்கத்தொகையையும் சொன்னாள். ஆயிரத்து இருநூறைத் தனியாக மடித்துக் கொண்டுவந்திருந்தாள், அதை நீட்டினாள்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் பணத்தைப் பார்க்கவே இல்லை.

"நான் எழுந்திரிச்சிப் போனேன்," என்றார்.

"ஆமாங்கண்ணே."

"செவ்வாக்கெழம."

"ஆமாங்க."

"நான் அழுத்தல."

"இல்லங்கண்ணே. நான்தான்."

அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் நெற்றித் திருநீறு மண்ணானது.

"மூணு வாரமா எனக்குப் பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்துச்சு, தெரியுமா? என் கை செஞ்சிருக்கு, எனக்கு ஞாபகம் இல்ல. எங்கப்பாவுக்கு அம்பது வயசுல இப்படித்தான் ஆரம்பிச்சுது. கட்டுன பொண்டாட்டியவே யாருன்னு கேட்டாரு. நமக்கும் வந்துடுச்சுன்னு பயந்துட்டேன். பெரியாஸ்பத்திரில தலைய ஸ்கேன் எடுத்தாச்சு. அவன் ஒண்ணுமில்லங்கறான், நம்பிக்க வரல. மோட்டார் சுவிட்ச நாலு தடவ போய்ப் பாக்குறேன். வீட்டுக்காரி ஆனந்தவல்லி மாத்திரைய எண்ணிக் குடுக்கறா. பசங்களத் தனியா வண்டில கூட்டிட்டுப் போக விடறதில்ல."

வேலையை எடுத்தோம், பணத்தை எடுத்தோம் என்று மட்டும்தான் செந்தாமரை இதுவரை கணக்குப் போட்டிருந்தாள்.

போனை எடுத்துக் காட்டினாள். "கடிதம் எழுதி வச்சிருக்கேங்கண்ணே. நீங்க சொன்னா இப்பவே அனுப்பிடறேன். உங்களுக்குத் திரும்ப வேலை குடுப்பாங்களான்னு தெரியாது. பேரு சுத்தமாயிடும்."

"அத அப்புறம் பாத்துக்கலாம். அனுப்பு, அனுப்பாத போ." அவர் குரல் அப்போதுதான் கோபமானது. "நீ மொதல்ல என்னோட வா. ஆனந்தவல்லி வீட்லதான் இருக்கா. எங்கிட்ட சொன்னத அப்படியே, ஒரு வார்த்த விடாம, அவகிட்ட சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

அவர் முன்னால் வேகமாக நடந்தார். செந்தாமரை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈர வரப்பில் வழுக்கி வழுக்கி, அவர் பின்னாலேயே போனாள்.